வீடியோ பத்திரிகை: கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பு செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டு வருடம் அச்சகத்தில் டி.டி.பி. செய்தேன். இப்போது அதே கணினியில் வீடியோ பத்திரிகையும் செய்துகொடுக்கிறேன். சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். பேச்சு ஒரே வழியில் போவதற்காக ஒரு வீட்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். திருச்சிக்கு வெளியே ஒரு புது மனைப்பிரிவில் கட்டிய வீடு. 28.1.2026 புதன்கிழமை, தை 14, வளர்பிறை. அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் கிரகப்பிரவேசம், 7.30 மணியிலிருந்து காலை விருந்து.

வீட்டு விசேஷத்துக்கு நாங்களே வீடியோ செய்யப் போறோம். முதல்ல எதைத் தொடங்கணும்?

ஆப்பைத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் மேட்டரை எழுதுங்கள். அச்சுப் பத்திரிகையில் இருபது வரி இருந்தாலும் கையில் வைத்து நிதானமாகப் படிக்கலாம். வீடியோவில் அந்த வசதி இல்லை, ஓடுகிற வேகத்தில்தான் படித்தாக வேண்டும். அதனால் மேட்டரை, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஆறு அட்டைகளாகப் பிரியுங்கள். பிள்ளையார் சுழியும் குலதெய்வத்தின் துணையும் முதல் அட்டை. அழைப்பவர்கள் பெயர் இரண்டாவது. "புதுமனை புகுவிழா" என்ற தலைப்பும் வீட்டின் பெயரும் மூன்றாவது. நாளும் நேரமும் நான்காவது. இடமும் வழியும் ஐந்தாவது. "குடும்பத்துடன் வருக" என்ற அழைப்பு ஆறாவது.

ஓர் அட்டையில் ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. பெரியப்பா, சித்தப்பா, மாமன் வரிசை எல்லாம் வர வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆசை நியாயமானது, ஆனால் அந்தப் பட்டியலுக்கான இடம் அச்சுப் பத்திரிகை. வீடியோவில் "மற்றும் உற்றார் உறவினர்" என்று ஒரு வரி போதும். இதை முன்கூட்டியே வீட்டாரிடம் பேசி முடித்துவிடுங்கள். வீடியோ முடிந்தபிறகு ஒரு பெயரைச் சேர்த்தால் அந்த அட்டையின் அளவு, நேரம், இசை எல்லாமே நகரும்.

எவ்வளவு நேரம் ஓடணும்? ரெண்டு நிமிஷம் வைக்கலாமா?

வேண்டாம். 40 விநாடியை ஒட்டி நிறுத்துங்கள். நான் கணக்கை இசையிலிருந்து தொடங்குவேன். நாதஸ்வரமும் தவிலும் ஆதி தாளத்தில் இருந்தால், தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற நடையில் ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 விநாடி. ஏழு ஆவர்த்தனம் 42 விநாடி. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் ஆவர்த்தனம், நாள் நேரம் சொல்லும் நான்காவது அட்டைக்கு மட்டும் இரண்டு. அப்படி வைத்தால் தவிலில் சமம், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கை, விழுகிற இடத்தில் அட்டை மாறும். பார்ப்பவருக்குத் தாளம் தெரியாவிட்டாலும் எல்லாம் பொருந்தி வருவது மனதுக்குத் தெரியும்.

உங்கள் இசையின் நடை வேறாக இருக்கலாம். போனில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கையால் தாளம் போட்டு ஓர் ஆவர்த்தனம் எத்தனை விநாடி என்று பாருங்கள், அதுவே உங்கள் அளவுகோல். அட்டைக்கு நேரம் போதுமா என்று பார்க்க, அதை வாய்விட்டு நிதானமாக ஒருமுறை படியுங்கள். படித்து முடித்தபின் மூச்சு விடும் நேரம் மிஞ்ச வேண்டும்.

எந்த ஆப் நல்லது? போன்ல முடியுமா, கம்ப்யூட்டர் வேணுமா?

போனில் கைன்மாஸ்டர் போதும். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது 9:16 அளவைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் போன் திரைக்கு நிமிர்ந்த வடிவம். காசு கட்டாமல் பயன்படுத்தினால் மூலையில் அவர்கள் முத்திரை விழும். மடிக்கணினி இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது பவர்பாயிண்ட். ஸ்லைடு அளவை 7.5 அங்குல அகலம், 13.333 அங்குல உயரம் என்று மாற்றி, ஓர் அட்டைக்கு ஒரு ஸ்லைடு செய்து, `File > Export > Create a Video` கொடுத்தால் எம்.பி.4 வந்துவிடும். முத்திரை விழாது. தமிழ் எழுத்தும் பெரும்பாலும் உடையாது. இருக்கிற வார்ப்புருக்களைப் பார்த்து எடுக்கும்போது மட்டும் கவனம். பல்லக்கு, ஷெனாய் என்று வடக்கத்திக் கல்யாணத்துக்குச் செய்தவைதான் நிறையக் கிடைக்கும். வாழைமரம், மாவிலைத் தோரணம், நிறைகுடம், பால் பொங்குகிற பானை, கன்றோடு நிற்கும் பசு ஆகியவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டால் நம் வீட்டு விசேஷமாகத் தெரியும்.

எழுத்து ஒண்ணொண்ணா வர்ற மாதிரி அனிமேஷன் வெச்சா தமிழ் மட்டும் உடைஞ்சு போகுது. ஏன்?

இதுதான் எல்லோரும் சிக்குகிற இடம். "கௌசல்யா" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு முதல் எழுத்து "கௌ". கணினிக்கு அது இரண்டு துண்டு: "க" ஒன்று, ஔகாரக் குறி ஒன்று. திரையில் அந்தக் குறியின் ஒரு பாதி "க"வுக்கு இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் போய் உட்கார வேண்டும். எழுத்தெழுத்தாக வரும் அசைவு துண்டு துண்டாக எண்ணுகிறது. அதனால் முதலில் "க" வரும், அடுத்த நொடி அது தள்ளிப்போய் "கௌ" ஆகும். இது பரவாயில்லாத வகை. மோசமான வகையில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பிரித்து நகர்த்தும், கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும், நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரியும். அந்தப் புள்ளி வட்டத்தைக் கண்டால், உயிர்மெய்க் குறி தன் மெய்யைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். "கார்த்திக்" மாதிரிப் பெயரின் கடைசி எழுத்தில் வேறு விதமாகத் தெரியும்: முதலில் "க" வந்து, பிறகு அதன் தலையில் புள்ளி விழும்.

தீர்வு எளிது. அசைவை எழுத்துக்கு வைக்காமல் சொல்லுக்கோ வரிக்கோ வையுங்கள். பவர்பாயிண்டில் அனிமேஷனின் `Effect Options` உள்ளே `By letter` என்று இருப்பதை `By word` அல்லது `All at once` என்று மாற்றினால் போதும். போன் ஆப்களில் வரி முழுவதும் மெல்லத் தோன்றுகிற அசைவோ, கீழிருந்து எழும்புகிற அசைவோ எடுங்கள். எழுதுவது மாதிரியே வேண்டும் என்று ஆசைப்பட்டால், பெயரைப் பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாகச் செய்து, அதை இடமிருந்து வலமாகத் திரை விலகுவது போலத் திறங்கள். பேனா ஓடுகிற உணர்வு கிடைக்கும், எழுத்தும் உடையாது.

அசைவே வைக்காமலும் எழுத்து உடைந்தால் கோளாறு மென்பொருளில். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் பயன்படுத்துகிறவர்கள் அமைப்புகளில் `Text Engine` என்ற இடத்தில் `South Asian and Middle Eastern` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள்.

எந்த ஆப்பானாலும் வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை செய்வேன். "ஸ்ரீனிவாசன் கௌசல்யா கொழுக்கட்டை" என்று ஒரு வரி தட்டிப் பார்ப்பேன். "ஸ்ரீ" ஒரே உருவமாகவும், "கௌ"வும் "கொ"வும் சரியான இடத்திலும் வந்தால் அந்த எழுத்துரு அந்த ஆப்பில் நிற்கும். `Noto Sans Tamil`, `Mukta Malar`, `Hind Madurai`, `Catamaran` ஆகியவை கூகிள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன, நான் அதிகம் எடுப்பது இவற்றைத்தான். தலைப்புக்குக் கொஞ்சம் உருண்டு திரண்ட எழுத்து வேண்டுமென்றால் `Baloo Thambi 2`.

பிரஸ்ல கொடுத்த மேட்டரைக் காப்பி பண்ணி ஒட்டினா `jkpo;` மாதிரி ஏதோ வருது.

அது பாமினி எழுத்துருவில் தட்டியது. "தமிழ்" என்ற சொல்லைப் பாமினியில் தட்டினால் உள்ளே சேமிக்கப்படுவது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழாகத் தெரியும், உங்கள் போனில் தெரியாது. யூனிகோடாக மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, அதில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியபின் எண்களையும், புள்ளி, நிறுத்தக்குறிகளையும் அச்சுப் பத்திரிகையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நாளும் நேரமும் இருக்கும் வரியை மாற்றியை நம்பி விடாமல் கையாலேயே தட்டுவது என் பழக்கம்.

அதிகாலை முகூர்த்தம். தேதியை எப்படிப் போட்டா குழப்பம் வராது?

நம் உதாரணத்தையே பார்ப்போம். "28.1.2026 புதன்கிழமை அதிகாலை 4.30 – 6.00". இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் சென்னையிலிருந்து வருகிறவர் இதைப் பார்த்துவிட்டு 28ஆம் தேதி இரவு பேருந்துக்குப் பதிவு செய்வார். புதன்கிழமை என்பது மட்டும் மனதில் நிற்கும், அது செவ்வாய் இரவு கிளம்ப வேண்டிய பயணம் என்று தோன்றாது. நான் செய்த ஒரு வீடியோவில் இது நடந்திருக்கிறது. பெண்ணின் தாய்மாமனே விசேஷம் முடிந்து மறுநாள் காலை வந்து நின்றார். அன்றிலிருந்து வயதானவர்கள் வாய்வழக்கில் சொல்வதையே அட்டையில் போடுகிறேன்:

```
விசுவாவசு வருடம் தை 14
28.1.2026 புதன்கிழமை
(செவ்வாய் இரவு விடிந்தால் புதன்)
அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்
காலை விருந்து 7.30 மணி முதல்
```

மூன்றாவது வரிதான் இந்த வீடியோவிலேயே முக்கியமான வரி. இரண்டு ஆவர்த்தனம், அதாவது 12 விநாடி, இந்த அட்டைக்குக் கொடுத்ததும் அதற்காகத்தான். விருந்து நேரத்தைத் தனி வரியாகப் போடுவதிலும் காரணம் உண்டு. அதிகாலைக்கு நெருங்கிய சொந்தம் மட்டும் வரும், அலுவலக நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி நேரம் தெரிய வேண்டும்.

தமிழ்த் தேதியை ஆப்பில் பார்த்துப் போடாதீர்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாதப் பிறப்பு சில சமயம் ஒரு நாள் வேறுபடும். உங்கள் புரோகிதரோ ஜோதிடரோ எழுதிக்கொடுத்த தாளில் எது இருக்கிறதோ அதுவே அச்சிலும் வீடியோவிலும் ஒன்றுபோல வரட்டும்.

லொகேஷனுக்கு க்யூஆர் கோடு போட்டுடலாமா?

போடலாம், ஆனால் பயன் குறைவு. வீடியோ ஓடுவதும் அவர் கையில் இருக்கும் அதே போனில்தான், தன் திரையில் இருக்கும் க்யூஆர் கோடை அவர் எந்தக் கேமராவால் ஸ்கேன் செய்வார்? வீடியோவுக்குள் எழுதிய இணைப்பைத் தொட்டாலும் திறக்காது. இணைப்பை வீடியோவின் கூடவே தனிச் செய்தியாக அனுப்புங்கள். வீடியோவுக்குக் கீழே எழுதுகிற வரியிலும் போடலாம், ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும்போது அந்த வரி சில சமயம் விடுபட்டுப்போகும். அதனால் வழி சொல்லும் அட்டை வரைபடம் இல்லாமலேயே வீடு வந்து சேருகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

புது மனைப்பிரிவில் தெருப் பெயர்ப்பலகை இருக்காது, கூகிள் மேப்பில் வீடும் இருக்காது. "3ஆவது குறுக்குத் தெரு, மனை எண் 41" என்று எழுதினால் நமக்குத் தவிர யாருக்கும் புரியாது. பேருந்தில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தண்ணீர்த் தொட்டியா ரேஷன் கடையா எது அடையாளம் என்று மூன்று வரியில் சொல்லுங்கள். அதிகாலை நாலு மணிக்கு இருட்டில் தெரிகிற அடையாளமாக இருக்கட்டும். மொபைல் டவரின் சிவப்பு விளக்கு, இரவில் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் மாதிரி. மேப் இணைப்பை எடுக்கும்போது வீட்டு வாசலில் நின்று, மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, விழுகிற ஊசியைப் பகிருங்கள். வாட்ஸப்பின் நேரடி லொகேஷனை அனுப்பக் கூடாது. அது அதிகபட்சம் 8 மணி நேரத்தில் அணைந்துவிடும்.

சினிமாப் பாட்டு வைக்கலாமா? எல்லாரும் வைக்கிறாங்களே.

வாட்ஸப்பில் தனி ஆளுக்கு அனுப்பும்போது அந்த ஆப் தடுக்காது. அதையே யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏற்றினால் அவற்றின் கருவி பாட்டை அடையாளம் கண்டு ஒலியை நிறுத்தலாம், வீடியோவையே முடக்கலாம். கல்யாண வீட்டில் பாட்டுக்கு விலக்கு உண்டு என்று சொல்வார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆவது பிரிவில் மதச் சடங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டத்துக்கும் விலக்கு இருப்பது உண்மைதான். அது விசேஷத்தில் பாட்டு ஒலிப்பதைப் பற்றியது. ஒரு வீடியோவில் பாட்டைச் சேர்த்து ஊருக்கு அனுப்புவது வேறு.

தியாகராஜர் கீர்த்தனை பழையது, அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற வாதம் பாதிதான் சரி. கீர்த்தனை பொதுவானது, அதை ஒருவர் வாசித்துப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு.

எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. விசேஷத்துக்கு மேளம் பேசியிருப்பீர்கள் அல்லவா, அவர்களிடமே ஒரு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். வீடியோவுக்கு என்று சொல்லி, அதற்கு ஒரு தொகையும் கொடுங்கள். நாதஸ்வரத்தின் சத்தம் பெரிது. போனை, நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதியான அனசில் இருந்து பத்துப் பன்னிரண்டடி தள்ளி வைத்தால்தான் ஒலி கரகரக்காது. தவிலுக்கு எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வாசிக்கும்முன் "ஆதி தாளம், ஏழு ஆவர்த்தனம், முடிவில் ஒரு சின்னத் தீர்மானம்" என்று சொன்னால் அவர்கள் கணக்காக முடித்துக்கொடுப்பார்கள். பாட்டை நடுவில் வெட்ட வேண்டிய அவசியமே வராது. கெட்டி மேளம் மட்டும் வேண்டாம். அது தாலி ஏறும் நேரத்துக்கு உரியது, அழைப்பில் ஒலிக்கத் தேவையில்லை.

என் போன்ல பளிச்சுன்னு இருக்கு. அனுப்பினா எழுத்தெல்லாம் மங்கிப் போகுது.

வாட்ஸப் ஒவ்வொரு வீடியோவையும் சுருக்கித்தான் அனுப்பும். ஒரு நொடிக்கு இவ்வளவுதான் தகவல் என்று ஒரு படி அளந்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் அதிகம் அசைகிற பொருள்கள் அந்தப் படியைக் காலி செய்துவிடும். மேலிருந்து பூ கொட்டுகிற அசைவும் தங்கத் துகள் மின்னுகிற அசைவும் இருந்தால், ஒவ்வொரு நொடியும் திரை முழுதும் மாறுகிறது. அவற்றுக்கே எல்லாம் செலவாகி, நடுவில் அசையாமல் நிற்கும் எழுத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. எழுத்தின் ஓரம் புகைந்து, "ண"வும் "ன"வும் ஒன்றாகத் தெரியும்.

பூ கொட்டுவதை முதல் அட்டையிலும் கடைசி அட்டையிலும் மட்டும் வையுங்கள். நாள், நேரம், வழி சொல்லும் அட்டைகளில் பின்னணி அசையாமல் இருக்கட்டும். மெல்லிய தங்க எழுத்துக்குப் பதில் தடித்த எழுத்தை எடுங்கள். கரும்பச்சை அல்லது அரக்குப் பின்னணியில் வெளிர்மஞ்சள் நன்றாக நிற்கும். வீடியோவை 720 × 1280 அளவில் வெளியெடுத்து, அனுப்பும்போது மேலே தெரியும் `HD` என்பதைத் தொட்டு அனுப்புங்கள். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது, ஆனால் தாத்தா பாட்டிகள் அதைத் திறக்கத் தடுமாறுவார்கள்.

ஸ்டேட்டஸில் வைப்பதாக இருந்தால் மேலேயும் கீழேயும் இடம் விடுங்கள். 1280 உயரத்தில் மேலே 170, கீழே 170 அளவுக்கு எழுத்து எதுவும் வேண்டாம். அங்கே உங்கள் பெயரும் பதில் எழுதும் பட்டையும் வந்து மறைக்கும்.

சரிபார்க்கும் முறை: வீட்டில் இருப்பதிலேயே பழைய, சின்னத் திரை போனுக்கு அனுப்பி, அதை வாசலில் வெயிலில் பிடித்து, கண்ணாடி போடும் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நேரத்தைத் தடுமாறாமல் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

அனுப்பின வீடியோ கறுப்புப் பெட்டியா தெரியுது. யாரும் திறக்கவே மாட்டேங்கிறாங்க.

இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சம் வருவதுபோலத் தொடங்கியிருப்பீர்கள். அரட்டையில் முகப்பாகத் தெரிவது பெரும்பாலும் வீடியோவின் முதல் காட்சிதான். "புதுமனை புகுவிழா, 28.1.2026" என்று எழுதிய ஒரு முழு அட்டையைத் தொடக்கத்தில் கால் விநாடி வைத்துவிட்டு, பிறகு பிள்ளையார் அட்டையைத் தொடங்குங்கள். ஓடும்போது கண்ணுக்கே தெரியாது, அரட்டையில் முகப்பாக நிற்கும். திறக்காதவருக்கும் தேதி போய்ச் சேரும்.

கல்யாணத்துக்கு என்ன மாத்தணும்?

பெயர் அட்டை இரண்டாகும்: மணமகன் பக்கம் ஒன்று, மணமகள் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் எழுத்தளவும் நேரமும் இம்மியும் மாறக் கூடாது, சம்பந்தி வீட்டார் அதைக் கவனிப்பார்கள். வரவேற்பு முதல் நாள் மாலையும் முகூர்த்தம் மறுநாள் காலையுமாக இருந்தால் தனித்தனி அட்டை போடுங்கள், ஒன்றில் இரண்டு தேதி வந்தால் ஒன்று மறந்துபோகும். மண்டபம் என்றால் அதே பெயரில் ஊரில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சாலையின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். ஆக மொத்தம் எட்டு அட்டை, ஒன்பது ஆவர்த்தனம், 54 விநாடி. நிக்காஹ், தேவாலயத் திருமணம் என்றால் முதல் அட்டையும் இசையும் அந்த வீட்டு வழக்கப்படி மாறும், மற்ற கணக்கு இதேதான்.

எல்லாருக்கும் அனுப்பிட்டோம். இப்போ பார்த்தா நேரத்துல ஒரு தப்பு. என்ன செய்யறது?

இரண்டு நாளுக்குள் என்றால் எல்லோருக்கும் நீங்கும்படி அழித்துவிடலாம். ஆனால் அதற்குள் மற்றவர்கள் பரப்பிய பிரதிகளை நாம் தொட முடியாது. அதனால் திருத்திய வீடியோவின் முதல் காட்சியில் "திருத்தம்: நேரம்" என்று சிவப்பில் எழுதி, பின்னணி நிறத்தையும் மாற்றி அனுப்புங்கள். பழையதும் புதியதும் ஒரே மாதிரி இருந்தால், ஏற்கெனவே பார்த்ததுதான் என்று தாண்டிப்போய்விடுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பியிருந்தால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியூரிலிருந்து அதிகாலைக்கு வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களை மட்டும் போனில் கூப்பிட்டு, புது நேரத்தை வாயால் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொன்னதைக் கேட்டுவிட்டு வையுங்கள்.